வணிகத்திலிருந்து பேரரசு வரை: கருத்து வரைபடம் போடும்போது வரும் சந்தேகங்கள்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். ஆங்கிலேயக் கம்பெனி வியாபாரம் செய்ய வந்து வங்காளத்தை ஆளத் தொடங்கிய பாடம் வரும்போதெல்லாம், அதைக் கருத்து வரைபடமாகப் போடச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். பிள்ளைகள் கேட்டது பாதி, வீட்டில் உட்கார்ந்து உதவும் அம்மா அப்பா கேட்டது பாதி. அவர்கள் கேட்டபடியே இங்கே வைத்திருக்கிறேன்.

கருத்து வரைபடம்னா என்ன மிஸ்? மைண்ட் மேப்பும் இதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் வேறு. மைண்ட் மேப்பில் நடுவில் ஒரு தலைப்பு இருக்கும், அதிலிருந்து நாலா பக்கமும் கிளை பிரியும். கிளையின் மேல் எதுவும் எழுத வேண்டியதில்லை. "பிளாசிப் போர்" என்று நடுவில் எழுதி, சுற்றி "1757", "கிளைவ்", "மீர் ஜாபர்", "மாந்தோப்பு" என்று போட்டால் அது மைண்ட் மேப். நினைவு வைத்துக்கொள்ள உதவும். ஆனால் கிளைவுக்கும் மீர் ஜாபருக்கும் என்ன தொடர்பு என்று அது சொல்லாது.

கருத்து வரைபடத்தில் பெட்டிகளுக்கு நடுவே அம்பு போகும், ஒவ்வொரு அம்பின் மேலும் சொல் இருக்கும். ஒரு பெட்டி, அம்பின் மேலுள்ள சொல், அடுத்த பெட்டி என மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வர வேண்டும். அந்த வாக்கியம் சரியா தப்பா என்று கேட்க முடிய வேண்டும். 1970-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவரின் குழு இந்த முறையை உருவாக்கியது. அறிவியல் பாடத்தைப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவர்கள் செய்தது, வரலாற்றுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

பாடம் முழுசும் போடணுமா? வாஸ்கோடகாமாவிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். 1498-இல் தொடங்கினால் போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று பக்கம் நிரம்பிவிடும். முக்கியமான இடத்துக்கு வரும்போது தாளும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும்.

முதலில் தாளின் தலையில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். நான் கொடுப்பது இதுதான்: "சரக்கு வாங்க வந்த ஒரு கம்பெனி, வங்காளத்தில் வரி வசூலிக்கும் அதிகாரியாக ஆனது எப்படி?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவாத எதுவும் தாளில் வரக்கூடாது. டேனியர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியது நல்ல செய்திதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது தேவையில்லை. 1600-இல் எலிசபெத் அரசி கொடுத்த பட்டயத்தில் தொடங்கி 1773-இல் நிறுத்தினால் பதினைந்து முதல் இருபது பெட்டிக்குள் அடங்கும். அதற்கு மேல் போனால் போட்டவருக்கே படிக்க முடியாது.

பெட்டிக்குள்ள ஒரு வார்த்தைதான் எழுதணும்னு இன்டர்நெட்ல போட்டிருக்கு. நீங்க வாக்கியமா எழுதச் சொல்றீங்களே?

அந்த விதி ஆங்கிலத்துக்குச் சரி. அங்கே வினைச்சொல் நடுவில் வரும். அதனால் இரண்டு பெட்டியில் இரண்டு பெயர்ச்சொல்லை வைத்து, அம்பின் மேல் வினையை எழுதினால் வாக்கியம் ஆகிவிடும். நமக்கு வினை கடைசியில் வருகிறது. சுங்கவரி கட்டாமல் சரக்கைக் கொண்டுபோக விடும் சீட்டான தஸ்தக்கை எடுத்துக்கொள்வோம். "தஸ்தக் முறைகேடு" என்று ஒரு பெட்டி, "குறைத்தது" என்று அம்பு, "நவாபின் சுங்க வருவாய்" என்று அடுத்த பெட்டி. படித்துப் பாருங்கள், தமிழாகவே இல்லை. வேற்றுமை உருபு ஒட்ட இடமில்லாமல் நிற்கிறது.

பல வருடம் பிள்ளைகள் இதில் தடுமாறுவதைப் பார்த்த பிறகுதான் முறையை மாற்றினேன். நிகழ்ச்சிப் பெட்டியில் வினையோடு கூடிய குட்டி வாக்கியம் எழுதுங்கள்: "நவாபின் சுங்க வருவாய் குறைந்தது." அம்பின் மேல் இணைப்புச் சொல்லை மட்டும் எழுதுங்கள்: "இதனால்", "இதைத் தடுக்க". இப்போது மேலிருந்து கீழாகப் படித்தால் நாம் பேசுவது போலவே ஓடும். ஒரு பெட்டிக்கு ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் போக வேண்டாம். யார் செய்தார் என்பது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். "கல்கத்தா கைப்பற்றப்பட்டது" என்று எழுதினால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரியாது. ஏழு மாதத்துக்குள் அந்த ஊர் இரண்டு முறை கைமாறியது.

அம்புக்குறி மேல எல்லாத்துக்கும் "காரணம்"னு போட்டா போதாதா?

போதாது. எல்லா அம்பிலும் ஒரே சொல் இருந்தால் அம்பில் ஒன்றுமே எழுதாததற்குச் சமம். வரலாற்றில் ஒன்று இன்னொன்றை உண்டாக்கும் விதம் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்த வேலையே.

நான் ஆறேழு இணைப்புச் சொற்களைப் பலகையில் எழுதி வைப்பேன். ஒன்று நடந்ததும் மற்றது தானாக நடந்தால் "இதனால்". ஒருவர் யோசித்து எதிர்வினை செய்தால் "இதைத் தடுக்க" அல்லது "இதற்குப் பயந்து". ஒரு உரிமையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் "இதைக் காட்டி". பணம் போன வழியைச் சொல்ல "இந்தப் பணத்தைக் கொண்டு". எதிர்பார்த்தது நடக்காமல் போனால் "இருந்தும்". இரண்டு பெட்டி சேர்ந்தால்தான் மூன்றாவது நடக்கும் என்றால் "இதோடு சேர்ந்து". இந்தச் சொற்களில் எதைப் போடுவது என்று ஒரு பிள்ளை யோசிக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் பாடம் உள்ளே போகும் நேரம். பெட்டிகளைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். அம்பின் மேலுள்ள சொல் புத்தகத்தில் இருக்காது.

ஒரு தடவை நீங்களே போட்டுக் காட்டுங்களேன், அப்புறம் நாங்க போடறோம்.

சரி, முதல் பகுதியை மட்டும் காட்டுகிறேன். தாளில் பெட்டி போடுங்கள். இங்கே வரிவரியாக எழுதுகிறேன்.

1717: முகலாயப் பேரரசர் பருக்சியர் கம்பெனிக்கு ஃபர்மான் கொடுத்தார்
↓ *இதன்படி*
வருடம் 3,000 ரூபாய் கட்டிவிட்டு வங்காளத்தில் கம்பெனி சுங்கமின்றி வியாபாரம் செய்தது
↓ *இதைக் காட்டி*
கம்பெனி ஊழியர்கள் தங்கள் சொந்தச் சரக்குக்கும் தஸ்தக் எழுதிக்கொண்டார்கள்
↓ *இதனால்*
நவாபின் சுங்க வருவாய் குறைந்தது
↓ *இதைத் தடுக்க*
நவாப்கள் கம்பெனியின் சலுகைகளுக்குக் கட்டுப்பாடு போட முயன்றார்கள்

ஃபர்மான் என்பது பேரரசரின் ஆணை. தஸ்தக் என்பது சுங்கச்சாவடியில் காட்டும் சீட்டு. இது கம்பெனிச் சரக்கு, வரி கேட்காமல் விடு என்று அதில் இருக்கும். கம்பெனி ஊழியருக்குச் சம்பளம் குறைவு. சொந்தமாக வியாபாரம் செய்துகொள்ளக் கம்பெனியே அனுமதித்திருந்தது. ஃபர்மான் கம்பெனிக்குக் கொடுத்த சலுகை, ஊழியரின் சொந்த வியாபாரத்துக்குக் கொடுத்தது இல்லை. ஆனால் சீட்டில் கையெழுத்துப் போடுவதும் அவர்கள்தான், சரக்கு ஏற்றுவதும் அவர்கள்தான். மூன்றாவது பெட்டிக்குப் போகும் அம்பில் "இதைக் காட்டி" என்று எழுதியதற்கு இதுதான் காரணம். அங்கே "இதனால்" என்று போட்டிருந்தால் ஃபர்மானே முறைகேட்டை உண்டாக்கியது போல ஆகியிருக்கும்.

பிளாசிப் போருக்கு எது காரணம்? தஸ்தக்கா, கோட்டை கட்டினதா, மீர் ஜாபர் துரோகமா? புத்தகத்துல மூணுமே இருக்கு.

நீங்கள் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்கிறீர்கள். போர் ஏன் வந்தது என்பது ஒன்று, போர் ஏன் அப்படி முடிந்தது என்பது இன்னொன்று. தஸ்தக்கும் கோட்டையும் முதல் கேள்விக்கு உரியவை. பிளாசிக் களத்தில் நவாபின் படை சுமார் 50,000, கம்பெனியின் படை சுமார் 3,000. மீர் ஜாபரின் கையிலிருந்த பெரும்படை சண்டையில் இறங்கவே இல்லை. இது இரண்டாவது கேள்விக்கான பதில். ஆகவே துரோகத்தின் அம்பு "பிளாசிப் போர் நடந்தது" பெட்டிக்கும் "சிராஜ்-உத்-தௌலா தோற்றார்" பெட்டிக்கும் நடுவில் வந்து சேர வேண்டும். இந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டியாக வைத்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும்.

ஆனால் சதி களத்தில் பிறந்தது இல்லை. ஜகத் சேட் குடும்பத்து வட்டிக்கடைக்காரர்களும், படைத்தலைவர் மீர் ஜாபரும், வியாபாரி அமீர் சந்தும் புது நவாபின்மேல் வெறுப்பில் இருந்தார்கள். கிளைவ் அவர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டார். அதனால் "முர்ஷிதாபாத் தர்பாரில் நவாபுக்கு எதிராகக் கூட்டம் சேர்ந்தது" என்று ஒரு பெட்டி இதற்கு முன்னால் வேண்டும். அதிலிருந்து இரண்டு அம்பு போகும். ஒன்று, இந்தக் கூட்டத்தை நம்பிக் கிளைவ் போருக்குக் கிளம்பியது. இன்னொன்று, களத்தில் மீர் ஜாபர் சும்மா நின்றது.

கல்கத்தாவை சிராஜ் பிடிச்சார், அதுக்குப் பழிவாங்க பிளாசி. நேரா ஒரு அம்பு போட்டுட்டேன், சரிதானே?

பெரும்பாலான தாள்களில் இந்த அம்பைப் பார்க்கிறேன். தேதிகளைப் பக்கத்தில் எழுதினால் அதிலுள்ள ஓட்டை தெரியும். 1756 ஜூனில் சிராஜ்-உத்-தௌலா கல்கத்தாவைப் பிடித்தார். அனுமதி இல்லாமல் கோட்டையைப் பலப்படுத்தியது, தஸ்தக்கைத் தவறாகப் பயன்படுத்தியது, தன்னிடமிருந்து தப்பி ஓடியவருக்கு அடைக்கலம் கொடுத்தது என்று மூன்று குறைகளைக் கம்பெனிமேல் சொன்னார். 1757 ஜனவரி 2-இல் கிளைவும் கடற்படைத் தலைவர் வாட்சனும் ஊரை மீட்டுவிட்டார்கள். பிப்ரவரி 9-இல் அலிநகர் உடன்படிக்கை. அதில் நவாப் கம்பெனிக்குச் சலுகையைத் திருப்பிக் கொடுத்தார், கோட்டையைப் பலப்படுத்த அனுமதித்தார், நஷ்ட ஈடு தரவும் ஒப்புக்கொண்டார். அதாவது சண்டைக்குக் காரணமாக இருந்த விஷயங்கள் எல்லாம் பிப்ரவரியிலேயே கம்பெனிக்குச் சாதகமாக முடிந்துவிட்டன. பிறகு ஜூன் 23-இல் ஏன் பிளாசி?

நடுவில் விட்டுப்போன பெட்டி ஐரோப்பாவிலிருந்து வருகிறது. 1756-இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ஏழாண்டுப் போர் தொடங்கியிருந்தது. 1757 மார்ச்சில் கம்பெனி சந்திரநாகூரில் பிரெஞ்சுக்காரரைத் தோற்கடித்தது. தப்பிய பிரெஞ்சுக்காரர்களுக்கு நவாப் இடம் கொடுத்தார். "இதற்குப் பயந்து" என்ற அம்பு இங்கேதான் வர வேண்டும். பிரெஞ்சுக்காரரோடு சேரக்கூடிய நவாபை வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்று கம்பெனி நினைத்தது. முன் கேள்வியில் சொன்ன தர்பார்க் கூட்டம் அதற்கு வழி காட்டியது. அலிநகர், சந்திரநாகூர் என்ற இரண்டு பெட்டியைச் சேர்த்தால் பழிவாங்கல் கதை அரசியல் கணக்காக மாறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுல சண்டை போட்டார்னு படிச்சோமே. அதுக்கு இந்தத் தாள்ல இடம் உண்டா?

உண்டு, ஒரே ஒரு பெட்டி. கர்நாடகப் போர்களை முழுதாகக் கொண்டுவந்தால் அது வேறு வரைபடம். 1751-இல் கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டிருந்தபோது, அவர் கவனத்தைத் திருப்ப கிளைவ் சுமார் 500 பேரோடு போய் ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். கம்பெனிக்கு அங்கே இரண்டு விஷயம் புரிந்தது. பயிற்சி பெற்ற சிறு படை பெரும்படையை எதிர்த்து நிற்கும். உள்ளூர் அரசுரிமைச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்தால் லாபம் உண்டு.

அந்தப் பெட்டியிலிருந்து வங்காளத்துக்கு அம்பு போவதற்குக் காரணம் வெறும் அனுபவம் மட்டும் இல்லை. கல்கத்தா கைவிட்டுப் போன செய்தி வந்தபோது கிளைவ் கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்தார். மீட்கப் போன படை 1756 அக்டோபரில் சென்னையிலிருந்துதான் கப்பல் ஏறியது. அதில் பெரும்பாலானவர்கள் சென்னைச் சிப்பாய்கள். "இந்தப் படையைக் கொண்டு" என்று அம்பில் எழுதுங்கள்.

இருட்டறைச் சம்பவத்தை எங்க போடறது?

போட்டே ஆக வேண்டும் என்றால் புள்ளிக்கோடாக ஒரு அம்பு போடுங்கள். 1756 ஜூன் 20 இரவு கல்கத்தாக் கோட்டைச் சிறையில் கைதிகள் மூச்சுத்திணறி இறந்தார்கள். எத்தனை பேர் என்பதில் சர்ச்சை உண்டு. அங்கிருந்து பிழைத்த கம்பெனி அதிகாரி ஹால்வெல் சொன்ன, அடைக்கப்பட்ட 146 பேரில் 123 பேர் இறந்தார்கள் என்ற கணக்கைப் பல வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அவர் எழுதியது லண்டனில் அச்சில் வந்தது 1758-இல், பிளாசி முடிந்த பிறகு. ஆட்சியை நியாயப்படுத்தப் பின்னாளில் அந்தக் கதை பெரிதாகப் பயன்பட்டது. ஆகவே அதிலிருந்து வலுவான அம்பு பிற்காலத்தை நோக்கித்தான் போகும்.

பக்சார் போருக்குத் தனியா ஒரு வரைபடம் போடணுமா? பாடத்துல தனித் தலைப்பா இருக்கே.

தனியாகப் போட்டால் பாடத்தின் உயிரே போய்விடும். தாளின் மேலே 1717 ஃபர்மான், தஸ்தக் பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, அங்கிருந்து நீளமாக ஒரு அம்பை வளைத்துக் கீழே கொண்டுவாருங்கள். தூரத்துப் பெட்டிகளை இணைக்கும் இந்த மாதிரி அம்புக்குக் குறுக்கு இணைப்பு என்று பெயர். பாடப்புத்தகம் தலைப்பு தலைப்பாகப் பிரித்துச் சொல்வதால் மறைந்துபோகும் தொடர்பை இதுதான் வெளியே எடுக்கும்.

பிளாசிக்குப் பிறகு நவாபான மீர் ஜாபரால் கம்பெனிக்குச் சொன்ன தொகையைக் கட்ட முடியவில்லை. 1760-இல் அவரை இறக்கி, மருமகன் மீர் காசிமை ஏற்றினார்கள். அவர் பர்த்வான், மிட்னாபூர், சிட்டகாங் மூன்றையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் அவர் பொம்மையாக இருக்கவில்லை. தலைநகரை முங்கேருக்கு மாற்றினார், படையைப் புதுப்பித்தார். தஸ்தக் தொல்லை பிளாசிக்குப் பிறகு இன்னும் மோசமாகியிருந்தது. கம்பெனி ஊழியர்கள் உப்பு, பாக்கு, புகையிலை என்று உள்நாட்டு வியாபாரத்திலும் வரியில்லாமல் புகுந்துவிட்டார்கள். தடுத்துப் பார்த்தார், முடியவில்லை. 1763-இல் உள்நாட்டுச் சுங்கத்தை எல்லோருக்குமே ரத்து செய்துவிட்டார்.

இந்தப் பெட்டியில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கம்பெனியின்மேல் வரி போடவில்லை. கம்பெனிக்கு இருந்த சலுகையை எடுக்கவும் இல்லை. மற்ற வியாபாரிகளுக்கும் அதே சலுகையைக் கொடுத்தார், அவ்வளவுதான். அதைத்தான் கம்பெனி ஊழியர்களால் தாங்க முடியவில்லை, ஏனென்றால் மற்றவர் வரி கட்டும்வரைதான் அவர்கள் சரக்கு மலிவு. போர் மூண்டது. மீர் காசிம் தோற்று அவத்துக்குப் போனார். அவத் நவாப் ஷூஜா-உத்-தௌலா, பேரரசர் இரண்டாம் ஷா ஆலம் இருவரோடும் சேர்ந்து 1764 அக்டோபர் 22-இல் பக்சாரில் மறுபடி தோற்றார். 1717-இல் கொடுத்த ஒரு சீட்டின் கதை இரண்டு போரிலும் ஓடுகிறது. வளைத்துக் கொண்டுவந்த அம்பின் மேல் "அதே சலுகையைக் காக்க" என்று எழுதலாம்.

திவானி கிடைச்சது விளைவு நெடுவரிசையில போடணுமா, காரணம் நெடுவரிசையிலயா? ரெண்டுலயும் வருதே.

நெடுவரிசை போட்டதால் வந்த குழப்பம் இது. காரணம், நிகழ்ச்சி, விளைவு என்று மூன்று கட்டம் போட்டு அதற்குள் அடைத்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே வேலைதான் கொடுக்க முடியும். வரைபடத்தில் கட்டம் வேண்டாம். உள்ளே வரும் அம்புக்கு ஒரு பெட்டி விளைவு, வெளியே போகும் அம்புக்கு அதே பெட்டி காரணம்.

திவானிப் பெட்டியை நான் தாளின் நடுவில் வைக்கச் சொல்வேன், பெரிதாக. 1765 ஆகஸ்டில் அலகாபாத்தில் பேரரசர் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரி வசூல் உரிமையான திவானியைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலுக்கு வருடம் 26 லட்சம் ரூபாய். இதற்கு முன் கம்பெனி பருத்தித் துணியும் பட்டும் வாங்கப் பிரிட்டனிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி கொண்டுவந்தது. இதற்குப் பின் வங்காளத்து உழவர் கட்டிய வரியைக் கொண்டே வங்காளத்துத் துணியை வாங்கியது. "இந்தப் பணத்தைக் கொண்டு" என்ற அம்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. தாளின் தலையில் எழுதிய கேள்விக்கு விடையும் இந்தப் பெட்டிதான்.

அம்பு திரும்பி மேல வரலாமா? வட்டமா போயிடுச்சு, தப்பா?

தப்பில்லை, வட்டம் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். வரியைக் கொண்டு படை, படையைக் கொண்டு நிலம், நிலத்தைக் கொண்டு மேலும் வரி. பேரரசு வளர்ந்த விதம் அப்படித்தான். ஆனால் வட்டத்தின் ஒவ்வொரு அம்பிலும் தேதி எழுத முடிகிறதா என்று பாருங்கள். தேதி எழுத முடியாத வட்டம் வெறும் சொல்லாகிவிடும்.

இன்னொன்று, வட்டம் தடையில்லாமல் சுற்றியதாகக் காட்டாதீர்கள். படைக்கு ஆன செலவு வரும் வரியையே தின்றது. 1767 முதல் 1769 வரை மைசூரோடு நடந்த போரில் ஹைதர் அலி சென்னையின் வாசலுக்கே வந்து உடன்படிக்கை வாங்கிப்போனார். அந்தச் செய்தி லண்டனில் கம்பெனியின் பங்கு விலையைக் கீழே இழுத்தது. வட்டத்திலிருந்து "இருந்தும்" என்ற அம்பு ஒன்றை வெளியே எடுத்து "கம்பெனி கடனில் மூழ்கியது" என்ற பெட்டிக்குக் கொண்டுபோங்கள்.

1770 பஞ்சத்துக்குக் கம்பெனிதான் காரணம்னு போடலாமா? மழை பெய்யலைன்னுதானே எழுதியிருக்கு?

ஒரு பெட்டிக்குள் இரண்டு அம்பு வரலாம், இங்கே வரவும் வேண்டும். 1769-இல் மழை பொய்த்தது. அது "விளைச்சல் போனது" பெட்டிக்குப் போகிறது. விளைச்சல் போனதிலிருந்து கோடிக்கணக்கானவர் பசித்ததற்குப் போகும் அம்பு மழையால் மட்டும் வரைந்தது இல்லை. நிலவரியைக் கம்பெனி பெரிதாகக் குறைக்கவில்லை. வசூல் உரிமை கம்பெனியிடமும் நிர்வாகப் பொறுப்பு பெயருக்கு நவாபிடமும் இருந்த இரட்டை ஆட்சியில், பசித்தவனுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. இரண்டையும் "இதோடு சேர்ந்து" என்று இணையுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு மக்கள் இறந்ததாக வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-இல் லண்டனுக்கு எழுதினார். இன்றைய ஆய்வாளர்களில் சிலர் அந்த எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது: 1771-ஆம் ஆண்டின் நிகர வசூல், பஞ்சத்துக்கு முந்தைய 1768-ஐவிடக் கூடுதல். ஒரு மாணவி இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் எழுதிவிட்டு, நடுவில் என்ன சொல் போடுவது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் "இருந்தும்" என்று எழுதினாள். அதைவிடச் சரியான சொல்லை என்னால் சொல்லியிருக்க முடியாது.

தாள்ல அழிச்சு அழிச்சு ஓட்டையே விழுந்துடுச்சு. வேற வழி இல்லையா?

நேரடியாகத் தாளில் வரையாதீர்கள். ஒவ்வொரு பெட்டியையும் சின்னத் துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்தாலே போதும். பெரிய சார்ட் பேப்பரில் பரப்பி, பழையது மேலே, புதியது கீழே என்று நகர்த்திப் பாருங்கள். அம்பைப் பென்சிலில் போட்டுச் சொல்லை எழுதுங்கள். மறுநாள் மாற்றமில்லை என்றால் ஒட்டுங்கள். திவானிக்கு நடுவில் இடம் விடுவதை மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள்.

போட்டு முடிச்சாச்சு. சரியா வந்திருக்கான்னு நாங்களே எப்படிப் பார்க்கறது?

இரண்டு சோதனை. முதலாவது, ஒவ்வொரு மூன்றையும் சத்தமாகப் படியுங்கள்: பெட்டி, அம்பு, பெட்டி. பாடமே படிக்காத பாட்டியிடம் படித்துக் காட்டினால் அவர் "ஏன் அப்படி?" என்று கேட்கும் இடத்தில் ஒரு பெட்டி விட்டுப்போயிருக்கிறது. கல்கத்தாவிலிருந்து பிளாசிக்கு நேராகப் போன அம்பு இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, ஒரு பெட்டியைக் கையால் மறைத்து, இது நடக்காமல் இருந்திருந்தால் கீழே உள்ளது நடந்திருக்குமா என்று கேளுங்கள். நிச்சயம் நடந்திருக்கும் என்று தோன்றினால் அந்த அம்பு பலவீனமானது, புள்ளிக்கோடாக்குங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்காகவே போட்ட அம்புகள் இந்தச் சோதனையில் உதிர்ந்துவிடும்.

பரீட்சையில படம் போடச் சொல்ல மாட்டாங்க, பத்தியா எழுதச் சொல்வாங்க. இதனால என்ன பயன்?

"பக்சார் போருக்கான காரணங்கள் யாவை?" என்று வந்தால், மனதில் பக்சார் பெட்டியைப் பிடித்து, அதற்குள் வரும் அம்புகளை மட்டும் பின்னோக்கிப் போங்கள். மூன்று நான்கு பெட்டி கிடைக்கும். அம்பின் மேலுள்ள சொற்கள் அப்படியே வாக்கியத்தை இணைத்துவிடும். "விளைவுகள்" என்று கேட்டால் வெளியே போகும் அம்புகள். படத்தை நீங்கள் போட்டிருந்தால்தான் இது நடக்கும். அண்ணன் போட்டதைப் பார்த்து வரைந்தால் பெட்டிதான் நினைவில் நிற்கும், அம்பு நிற்காது.

1773-ல ஏன் நிறுத்தறோம்? அப்புறம்தானே நிறைய நடக்குது?

அந்த வருடத்தில் அம்புகள் இந்தியாவை விட்டு வெளியே போகின்றன. மேலே சொன்ன கடன் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். 1772-இல் கம்பெனி பிரிட்டிஷ் அரசிடம் கடன் கேட்டுப் போனது. அரசு 14 லட்சம் பவுண்டு கொடுத்தது, கூடவே 1773-இல் ஒழுங்குமுறைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. வணிகக் கம்பெனியின் ஆட்சியில் நாடாளுமன்றம் முதல்முறையாக நேரடியாகக் கை வைத்தது அப்போதுதான்.

அதே கடனிலிருந்து இன்னொரு அம்பும் உண்டு, இது நம் பாடத்தில் இருக்காது. கம்பெனியின் கிடங்குகளில் விற்காத தேயிலை குவிந்திருந்தது. அதை அமெரிக்கக் குடியேற்றங்களில் மலிவாக விற்க அதே 1773-இல் தேயிலைச் சட்டம் வழிசெய்தது. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டியது கம்பெனியின் தேயிலையைத்தான். பெட்டியைத் தாளின் ஓரத்தில் போட்டு, பாதி வெளியே போவது போல விடுங்கள்.

இவ்வளவு அம்பும் கடைசியில ஆட்சிக்குத்தான் போகுது. அப்போ கம்பெனி முதல்லயே நாட்டைப் பிடிக்கத் திட்டம் போட்டுத்தான் வந்ததா?

இது ஒரு அப்பா கேட்டது. அவர் மகன் 1600 பெட்டியிலிருந்து 1765 பெட்டிக்கு ஒரே கோடு இழுத்து "திட்டப்படி" என்று எழுதியிருந்தான். முடிவு தெரிந்த பிறகு வரைவதால் எல்லா அம்பும் கீழ்நோக்கியே ஓடுகிறது, பார்ப்பவருக்கு அது திட்டம் போலத் தோன்றுகிறது. 1600-இல் பட்டயம் கேட்டவர்கள் மிளகும் வாசனைப் பொருளும் தேடிய வியாபாரிகள். போர்ச்செலவைப் பார்த்து லண்டன் இயக்குநர்கள் பிற்காலத்திலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அதற்காக ஆசையே இல்லை என்றும் எழுத முடியாது. 1686-இலேயே கம்பெனி ஔரங்கசீப்பின் பேரரசோடு போர் தொடுத்தது. தோற்று, மன்னிப்புக் கேட்டு, அபராதம் கட்டிய பிறகுதான் 1690-இல் கல்கத்தாவில் இடம் பிடித்தது. பலத்தால் லாபம் பார்க்கும் எண்ணம் அப்போதே இருந்தது, அதற்கான பலம் இல்லை. 1707-இல் ஔரங்கசீப் இறந்த பிறகு பேரரசு தளர்ந்தது. அதன் பிறகு அதே எண்ணம் வேறு விளைவைத் தந்தது. அந்தப் பையனின் நீளமான கோட்டை அழிக்கச் சொன்னேன். 1686 பெட்டியையும் 1707 பெட்டியையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலிருந்தும் ஒரே இடத்துக்கு "இதோடு சேர்ந்து" என்று போட்டான். பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் விரலை வைத்து, அன்றைக்கு அங்கே இருந்தவருக்கு அடுத்த பெட்டி தெரியுமா என்று அப்பாவும் மகனும் கேட்டுக்கொண்டே கீழே வந்தார்கள். திவானி வரைக்கும் ஒரு பெட்டியில்கூட "தெரியும்" என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.